பகுதியில் மட்டு மதிப்பு வந்தால் கீழ் எல்லையைத் தேடுங்கள்

x, 5-ஐ நெருங்கும்போது 1/x, 1/5-ஐ நெருங்கும் என்று நிறுவ வேண்டும். வித்தியாசத்தை எழுதினால்

|1/x − 1/5| = |x − 5| / (5|x|)

என வரும். பலரும் நிற்பது இங்கேதான். பகுதியில் இருக்கும் |x| மிகச் சிறியதாகிவிட்டால் பின்னம் பெரிதாகிவிடும். அதனால் |x| குறைந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டும். வழக்கமான முக்கோணச் சமனிலி மேல் எல்லையைத்தான் தரும், அது இங்கே உதவாது.

அதையே திருப்பிப் போடுங்கள். a = (a − b) + b என்பதால் |a| ≤ |a − b| + |b|. |b|-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் |a − b| ≥ |a| − |b|. a, b இரண்டையும் இடம் மாற்றியும் இதையே செய்யலாம் என்பதால்

|a − b| ≥ ||a| − |b||

இப்போது a = 5, b = 5 − x என்று வையுங்கள். |x| ≥ 5 − |x − 5| கிடைக்கும். |x − 5| < 1 என்று கட்டுப்படுத்தினால் |x| > 4. ஆகவே வித்தியாசம் |x − 5|/20-ஐத் தாண்டாது. அது 0.01-க்குள் இருக்க |x − 5| < 0.2 போதும். x = 4.8-இல் சரிபார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 0.0083.

கட்டுப்பாட்டை |x − 5| < 6 என்று தளர்த்தினால் |x| > −1 என்றுதான் வரும். தவறில்லை, ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கீழ் எல்லை நேர்எண்ணாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். குறியைத் திருப்பி |a − b| ≤ |a| − |b| என்று எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை: a = 5, b = −3 என்றால் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 2.