பிள்ளையின் கேம் சாட்டைப் படிக்கும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

பிள்ளை ஆடும் கேமின் சாட்டை எட்டிப் பார்க்கும் அப்பா அம்மா பெரும்பாலும் தவறான இடத்தில்தான் பதறுகிறார்கள். ‘kill him’, ‘he is one’ என்று திரையில் ஓடும். இதில் வசை எதுவும் இல்லை. ‘one’ என்றால் எதிராளிக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம், இன்னும் ஒரு அடி போதும் என்று கூட்டாளிக்குத் தரும் தகவல். அதே திரையில் இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் சாதுவாகப் போகும் ‘ez’, ‘bc’, ‘kys’ எல்லாம் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

இன்னொரு தவறு, சுருக்கத்தின் விரிவை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு நிம்மதியாவது. ‘gg’ என்று தேடினால் good game, அதாவது நல்ல ஆட்டம் என்று வரும். உண்மைதான், ஆட்டம் முடிந்தபின் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் மரியாதை அது. ஆனால் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பதில்தான் பொருளே இருக்கிறது. வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். பொதுவாக, முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. உங்கள் மகள் ஜெட் என்ற பாத்திரத்தை ஆடுகிறாள், அவள் அணி 3-10 என்று பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்டில் இப்படி வருகிறது:

```
(All)  X: gg
(All)  X: ez
(All)  X: jett diff
(Team) Y: ff
(Team) Y: bot jett
```

‘All’ என்று இருந்தால் இரண்டு அணிக்கும் தெரியும். ‘Team’ என்றால் சொந்த அணிக்கு மட்டும். எதிரணியின் X ஆட்டம் முடியுமுன்பே gg போடுகிறார். இனி நீங்கள் தேற மாட்டீர்கள் என்று அர்த்தம். ‘ez’ என்பது easy. ‘உங்களை ஜெயிக்க மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை’ என்ற நக்கல். ‘jett diff’ இன்னும் குறிவைத்த அடி: இரண்டு அணியிலும் ஒரு ஜெட் இருக்கிறது, எங்களுடையது தேறியது, உங்களுடையது தேறவில்லை, அதுதான் வித்தியாசம். தோல்விக்கு ஒரே ஆளைக் காரணமாக்கும் பேச்சு இது.

அப்புறம் Y. இவர் எதிரி இல்லை, மகளின் சொந்த அணிக்காரர். ‘ff’ என்றால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது; அதற்கென்றே கேமில் வாக்கெடுப்பு உண்டு, ஆகவே சில நேரம் அது வெறும் யோசனைதான். ஆனால் முதல் சில ரவுண்டிலேயே ‘ff’ என்று ஒருவர் திரும்பத் திரும்பப் போட்டால், உங்களோடு ஆடவே பிடிக்கவில்லை என்று சொல்கிறார். ‘bot’ என்றால் மனிதர் இல்லாமல் கம்ப்யூட்டரே ஆட்டும் பொம்மை ஆட்டக்காரர். ஐந்து வரியில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளைக் கேட்டால், எதிரணிக்காரன் ez போட்டதைவிட, கூட ஆடுகிறவன் bot என்றதுதான் கூடுதலாக உறுத்தியது என்பார்கள்.

மோசமான பேச்சை மறைக்கக் கேமிலேயே இருக்கும் வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்புவதும் சரியில்லை. ‘gg ez’ தொல்லை தாங்காமல் ஓவர்வாட்ச் கேமில் 2016-ல் ஒரு வேலை செய்தார்கள். யாராவது அதைத் தட்டினால், திரையில் வேறு வாக்கியம் வரும். ‘தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, தயவுசெய்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்கிற மாதிரி. நல்ல குறும்பு. ஆனால் காரை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக் கேமில் என்ன செய்வது? அங்கே தட்டச்சே தேவையில்லை. ஓரிரு பொத்தானை அழுத்தினால் ‘What a save!’ என்று தயாராக இருக்கும் பாராட்டு போகும். கோலைத் தடுக்க முடியாமல் கோட்டை விட்டவனுக்கு அதை மூன்று முறை தொடர்ந்து அனுப்பினால் அது பாராட்டா? எந்த வடிகட்டியும் இதைப் பிடிக்காது.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இன்னொரு பொறி உண்டு. மும்பை சர்வரில் ஆடும்போது இந்தி பேசும் ஆட்டக்காரர்கள் ‘bc’, ‘mc’ என்று எழுதுவார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு bc என்றால் சாதிச் சான்றிதழ்தான் ஞாபகம் வரும். உண்மையில் இரண்டும் இந்தியின் மிக மோசமான வசைகளின் முதலெழுத்துகள். ஒன்று அக்கா தங்கையை இழுப்பது, மற்றது அம்மாவை. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குண்டு தவறிப்போனால் தனக்குத்தானே ‘bc!’ என்று கத்துகிறவர்கள் ஏராளம். அது யாரையும் திட்டுவதில்லை. பெயரையோ பாத்திரத்தையோ சேர்த்து எழுதினால்தான் தாக்குதல். அதோடு ‘madrasi’ வந்தால் விளக்கம் தேவையில்லை.

இனி, லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாத மூன்றெழுத்து: ‘kys’. இதன் பொருள் ‘செத்துத் தொலை’ என்பதுகூட இல்லை, ‘உன்னை நீயே கொன்றுகொள்’. பிள்ளையிடம் கேட்டால் ‘அது keep yourself safe-ப்பா, பத்திரமா இருன்னு அர்த்தம்’ என்று பதில் வரலாம். அப்படி ஒரு விரிவு புழக்கத்தில் இருப்பது நிஜம்; ஆனால் அது வடிகட்டியிலிருந்தும் பெரியவர்களிடமிருந்தும் தப்பிக்கவும், கேலிக்காகவும் ஒட்டவைத்த பொருள். அதே வரிசையில் ‘kms’ வரும்: ‘நான் என்னைக் கொன்றுகொள்கிறேன்’. பரீட்சையில் கோட்டை விட்டாலும் ‘செத்தேன்’ என்கிறோமே, அந்த மாதிரிச் சலிப்பில்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆனாலும் உங்கள் பிள்ளையே அதை எழுதியிருந்தால், கேமை விட்டுவிட்டு, நிதானமாக ஒருமுறை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் விஷயத்திலும் மாற்றம் தெரிந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இப்போது நடக்கும் பெரிய தவறு, ஹெட்செட்டைப் பிடுங்கி அந்த ஆளுக்கு நாமே பதில் சொல்வது. அவருக்கு வேண்டியதே ஒரு எதிர்வினைதான். பின்னால் அப்பாவின் குரல் கேட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. ஆட்டத்தின் நடுவில் இணைப்பைத் துண்டிப்பதும் அதே ரகம்: பாதியில் ஓடியதற்கான தண்டனை உங்கள் பிள்ளையின் கணக்கில்தான் விழும். செய்ய வேண்டியது இந்த வரிசை. முதலில் ஸ்கிரீன்ஷாட், ஏனென்றால் ஆட்டம் முடிந்ததும் சாட் மறைந்துவிடலாம். அதில் எழுதியவரின் பெயரும் அந்த வரியும் சேர்ந்து தெரிய வேண்டும். அடுத்து ஆட்டக்காரர் பட்டியலில் போய் அந்தப் பெயரை மியூட் செய்வது; எழுத்து, குரல் இரண்டையும். கடைசியாக ரிப்போர்ட். ‘ez’ போன்றதற்கு மியூட் போதும், ரிப்போர்ட் வரை போக வேண்டாம் என்பது என் கருத்து. ‘kys’, சாதி, மதம், மொழி, பெண் என்பதை வைத்து வரும் வசை, வீட்டு முகவரி தெரியும் என்ற மிரட்டல் இவற்றுக்குக் கட்டாயம் ரிப்போர்ட்.

இன்னும் ஒன்றைப் பார்க்கப் பெற்றோருக்கு மனசே வராது. ஸ்கிரீன்ஷாட்டை எடுக்கும்போது மேலே கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். முதல் ‘ez’-ஐ யார் போட்டது? சாட் முடக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு உங்கள் வீட்டுக் கணக்குக்கே வந்திருந்தால், அது யாரோ ஒருவர் உங்கள் பிள்ளையை ரிப்போர்ட் செய்ததால் வந்திருக்கலாம்.