அக்காவின் எண்ணெய் விளம்பரத்தைத் திருத்திய கதை

சுங்கை சிப்புட்டில் என் அக்கா தலைமுடி எண்ணெய் விற்கிறார். தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, வெந்தயம். பக்குவம் அவருடையது, தயாரிப்பது ஒரு சிறிய தொழிற்சாலை. மலேசியாவில் அழகுசாதனப் பொருளை விற்பதற்கு முன் என்பிஆர்ஏ என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு அறிவிப்பு செய்திருக்க வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. விளம்பரத்தை மட்டும் அவரே எழுதினார்: "முடி கொட்டுவது நிற்கும், வழுக்கையிலும் முடி முளைக்கும், பொடுகு போயே போய்விடும்."

முதலில் இந்த மூன்றையும் அடித்தேன். முடி உதிர்வை நிறுத்துவதும் முளைக்க வைப்பதும் மருந்தின் வேலை. அழகுசாதனமாகப் பதிந்த எண்ணெய்க்கு அப்படிச் சொல்ல அனுமதி இல்லை. "வாடிக்கையாளர்தானே சொன்னார்" என்றார் அக்கா. வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நாம் எடுத்துப் போட்டால் அது நம் வாக்குறுதிதான். பதிலுக்கு எண்ணெய் உண்மையிலேயே செய்வதை எழுதினோம்: முடி மிருதுவாகும், பளபளக்கும், சீவும்போது சிக்கு குறையும்.

அடுத்து சேர்பொருள்கள். அதிக எடையுள்ளது முதலில் வர வேண்டும். அக்கா கறிவேப்பிலையை முதலில் போட்டிருந்தார், பாட்டிலில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய்க்கு Cocos Nucifera Oil என்பதுபோல லேபிளில் இருக்கும் பெயர்களையும் பக்கத்தில் சேருங்கள். "ரகசிய மூலிகை" என்று ஒன்றையும் மறைக்காதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்குப் பட்டியல்தான் காவல்.

பயன்படுத்தும் முறையில் அளவைச் சொல்லுங்கள். "தேவையான அளவு" என்றால் சிலர் அரை பாட்டிலைத் தலையில் கவிழ்ப்பார்கள்!

தோல் சோதனையைத்தான் எல்லோரும் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்று எழுதிவிட்டுச் சோதனை செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? அந்த வரியை எடுத்துவிடுங்கள். எங்கே தடவுவது, எவ்வளவு நேரம், என்ன தெரிந்தால் நிறுத்துவது, மூன்றும் வேண்டும். ஒவ்வாமை பெரும்பாலும் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட அரிப்பு வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்பது சோதனையே ஆகாது.

கடைசியில் போட்டது இது, லேபிள் பெயர்களை மட்டும் இங்கே விட்டிருக்கிறேன்:

"மூலிகைத் தலைமுடி எண்ணெய், 200 மி.லி. முடியை மிருதுவாக்கி, சீவ எளிதாக்கும். சேர்பொருள்கள்: தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ, வெந்தயம். ஒரு தேக்கரண்டி எடுத்து முடியில் தடவி, 30 நிமிடம் கழித்து ஷாம்பு போட்டு அலசவும். முதல்முறை என்றால் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவவும். மூன்று நாள் தினமும் அதே இடத்தில் தடவிப் பார்க்கவும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, எரிச்சல் வந்தால் கழுவிவிடவும், மேற்கொண்டு பயன்படுத்த வேண்டாம். கண்ணிலும் புண்ணிலும் படக்கூடாது. குளிர்ந்த இடத்தில் உறையும், கெட்டுப்போனதல்ல. வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்."

உறைவது பற்றிய வரி கேமரன் மலையிலிருந்து ஒருவர் பாட்டிலைத் திருப்பி அனுப்பிய பிறகு சேர்த்தது.