ரயில் பெட்டிப் படத்துக்கு விளக்கு வெளியே இருக்கட்டும்

பெங்களூரு பீன்யாவில் ஒரு கொட்டகையில், சுற்றுலா விளம்பரத்துக்காக ரயில் பெட்டியின் உட்புறத்தை அரங்கமாக அமைத்திருந்தோம். முதல் நாள் விளக்குகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்தோம். இருக்கையின் தையல் கோடுகள் மறைந்து, துணி அட்டை போலத் தட்டையாகத் தெரிந்தது. ஒளி கேமராவின் பக்கமிருந்து நேராக விழுந்ததுதான் காரணம்.

மறுநாள் ஒரே விளக்கை ஜன்னலுக்கு வெளியே 2 மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே நிறுத்தி, இடையில் வெள்ளைத் துணி கட்டினோம். பெட்டியின் உள்விளக்குகளை அணைத்துவிட்டோம். இல்லையென்றால் அவற்றின் நீலம் கலந்த வெண்மை முகத்தின் மறுபாதியில் படிந்துவிடும். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டதும் ஒவ்வொரு தையலும் தன் நிழலோடு எழுந்து நின்றது. எனக்கு அந்த ஒரு கணமே போதும். முகம் மட்டும் இருண்டால், அந்த இடத்துக்கு மட்டும் சிறிய வெள்ளை அட்டை பிடியுங்கள்.

ஜன்னல் காட்சி முகத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் பிரகாசமாக இருக்கட்டும்; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி. அதைவிட மிகவும் கூடினால் வெளியே வெறும் வெள்ளைதான் மிஞ்சும்.

பயணியாக நடிப்பவரிடம் "அமைதியாக இருங்கள்" என்று சொல்லாதீர்கள், தோள்கள் இறுகிவிடும். அவருக்குப் பிடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, பத்துப் பக்கம் படிக்கவிட்டுப் படமெடுங்கள்.