ஃபோல்டருக்கு அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் மூன்று நாளாக ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டருக்காகக் காத்திருந்தான். “கேட்டாச்சு சார், அவங்கதான் தரல” என்றான். இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். லிங்கைத் தப்பாக காப்பி செய்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரிந்துவிடும்.

எந்தக் கணக்கிலிருந்து கேட்கிறோம் என்று பார்க்காமல் கேட்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். பெயிண்ட் கடை அண்ணாச்சி ஒருவர் மாத விற்பனை பில்களை டிரைவில் போட்டு, லிங்கை வாட்ஸப்பில் அனுப்பினார். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். 8ஆம் தேதி போனிலேயே லிங்கைத் திறந்தேன், `Request access` அமுக்கினேன், மறந்துவிட்டேன். மறுநாள் “அனுமதி கேட்டிருந்தேன் அண்ணாச்சி, பாத்தீங்களா?” என்று ஒரு மெசேஜ். “உங்க ஆபீஸ் பேர்ல ஒண்ணும் வரலியே” என்றார். எனக்கு அவர் மேல்தான் கோபம்.

10ஆம் தேதி இரவுதான் விஷயம் புரிந்தது. போனில் இருந்தது கல்லூரிக் காலத்தில் கிரிக்கெட் வீரர் பெயரில் தொடங்கிய என் பழைய ஜிமெயில். “எவனோ ஒருத்தன் கேட்டான், நம்ம கணக்கை அவனுக்கு ஏன் காட்டணும்னு விட்டுட்டேன்” என்றார். அவர் செய்ததுதான் சரி.

எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்பதை அனுமதி கேட்கும் பக்கமே காட்டும். தப்பென்றால் கணக்கை மாற்றிவிட்டு, பிறகு கேளுங்கள். பட்டனுக்கு மேலே உள்ள பெட்டியில் உங்கள் பெயர், ஆபீஸ், எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். காலியாக விட்டால் யார், எதற்காகக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியாது.

“பாத்தீங்களா?” என்று மட்டும் நினைவூட்டுவது

எதை என்று அவர் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வேலைநாள் பொறுத்து, இப்படி அனுப்புங்கள்:

“வணக்கம் அண்ணாச்சி. ‘மார்ச் சேல்ஸ் பில்’ ஃபோல்டருக்கு நேத்து காலைல எங்க ஆபீஸ் மெயில்ல இருந்து அனுமதி கேட்டிருக்கேன். பார்க்க மட்டும் கொடுத்தா போதும். 11ஆம் தேதிக்குள்ள தாக்கல் பண்ணணும். மெயில் கண்ணுல படலன்னா, ஃபோல்டர்ல ஷேர் போய் எங்க ஆபீஸ் முகவரியை நீங்களே சேர்த்துடலாம்.”

அதற்கும் பதில் இல்லையென்றால், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு போன்.

ஒரு பில்லின் லிங்கிலிருந்து கேட்டுவிட்டு முழு ஃபோல்டரை எதிர்பார்ப்பது

அந்த ஒரு பில்தான் திறக்கும்.

ஓனரை மட்டும் துரத்துவது

அந்த ஃபோல்டரில் எடிட்டராக இருப்பவரும் பெரும்பாலும் அனுமதி கொடுக்கலாம், ஓனர் அதை நிறுத்தி வைத்திருந்தால் ஒழிய. அண்ணாச்சி கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுக்கு அந்த உரிமை முதல் நாளிலிருந்தே இருந்ததாம்.

“லிங்க் இருக்கிற எல்லாருக்கும் திறந்துவிடுங்க” என்பது

கேட்கவே கேட்காதீர்கள்.