கிக் தொழிலாளிக்குக் கணக்கு எழுதும்போது இளம் கணக்காளர்கள் சறுக்கும் இடங்கள்

டாக்ஸி ஆப்பில் ஓட்டுபவர், டெலிவரி செய்பவர் என்று கிக் தொழிலாளிகளை மட்டுமே வாடிக்கையாளராக வைத்து அலுவலகம் தொடங்கும் இளம் கணக்காளர்கள், வேலை சுலபம் என்று நினைப்பார்கள். சரக்கு இருப்பு இல்லை, வசூலிக்கவேண்டிய கடன் பாக்கி இல்லை, வங்கிக் கணக்கும் ஒன்றுதான். அதனாலேயே வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, ஆப்பிடமிருந்து வந்த தொகைகளைக் கூட்டி, அதை வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்ற பிழைகளில் பாதி இதிலிருந்தே கிளம்புகின்றன.

ஓர் ஓட்டுநரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பயணக் கட்டணம் மொத்தம் 10,000. ஊக்கத்தொகை 800, செயலி வழியாக வந்த டிப்ஸ் 200. ஆக 11,000. இதில் ஆப் நிறுவனம் கமிஷனாக 2,500, முன்கூட்டிய வரியாக 100 பிடிக்கிறது. பயணிகள் ரொக்கமாகக் கொடுத்த 4,000 ஏற்கெனவே ஓட்டுநர் கையில் இருப்பதால் அதையும் கழித்துக்கொள்கிறது. வங்கிக்கு வருவது 4,400.

4,400 என்று எழுதினால் ரொக்கம் முழுவதும் காணாமல் போகிறது. கொஞ்சம் விவரமானவர் ரொக்கத்தைச் சேர்த்து 8,400 என்று எழுதுவார். அதுவும் சரியில்லை. வரவு 11,000, கமிஷன் செலவு 2,500, கட்டிய வரி 100 என்று மூன்றாகப் பிரித்து எழுதவேண்டும். அந்த 100 செலவு இல்லை, ஆண்டுக் கணக்கில் வரியில் கழிக்கவேண்டிய பணம். எழுதாமல் விட்டால் ஓட்டுநருக்கு நஷ்டம். விற்றுமுதல் இத்தனையைத் தாண்டினால் பதிவு செய்யவேண்டும் என்று விதி இருக்கும் இடங்களில், பெரும்பாலும் கமிஷனுக்கு முந்தைய தொகையைத்தான் பார்ப்பார்கள். 8,400-ஐ வைத்து எல்லைக்குள் இருக்கிறோம் என்று நம்பியவர், 11,000 கணக்கில் தாண்டியிருக்கலாம்.

ரொக்கப் பயணம் அதிகமான வாரத்தில் கதை தலைகீழாகும். கையில் வாங்கியது தன் பங்கைவிடக் கூடிவிட்டால், ஓட்டுநர்தான் ஆப்புக்குப் பணம் கட்டவேண்டும். ஸ்டேட்மென்ட்டில் அது பற்றாக நிற்கும். அதைப் பார்த்ததும் செலவு என்று எழுதிவிடுவார்கள். அந்த வாரக் கமிஷனை ஆப் தரும் வாராந்திர அறிக்கையைப் பார்த்து ஏற்கெனவே எழுதியிருந்தால் ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும். அதேபோல, கையிலிருந்த ரொக்கத்தை அவர் வங்கியில் போட்டால் அது புது வருமானம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வாராந்திர அறிக்கையின் கடைசி வரியும் வங்கி வரியும் வாரா வாரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வாரத்தில்தான் விஷயம் இருக்கும்.

அறிக்கைகளை மாதந்தோறும் இறக்கி வைப்பது நல்லது. ஓட்டுநரின் ஐடி முடங்கிவிட்டால் பழைய அறிக்கையைத் திறக்க முடியாமல் போகலாம். ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன், அதற்கு ஒரு கட்டணம் என்று பேசிவைத்தால் இந்த மாத வேலை நடக்காது. சிறு தொகையானாலும் மாதக் கட்டணமாக வாங்குங்கள்.

அடுத்தது வண்டி. ஆப் காட்டும் கிலோமீட்டரை அப்படியே தொழில் ஓட்டமாக எடுப்பது தவறு. பயணி ஏறியது முதல் இறங்கியது வரைதான் பொதுவாக அதில் இருக்கும். அடுத்த சவாரியைத் தேடி காலியாக ஓடியது இருக்காது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஆப் 1,400 காட்டுகிறது. காலி ஓட்டம் 900, சொந்த வேலை 700 என்று வையுங்கள். ஆப்பை நம்பினால் தொழில் பங்கு 47 சதவீதம். உண்மையில் 77 சதவீதத்துக்குப் பக்கம். எரிபொருள், பழுது, காப்பீடு எல்லாம் இந்த விகிதத்தில்தான் பிரியும். ஆனால் காலி ஓட்டத்துக்குச் சான்று வேண்டும். நோட்டில் எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். வாரம் ஒருமுறை ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சொந்த வேலைக்கு வண்டியை எடுத்த நாளை மட்டும் ஒரு வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும். அது நடக்கும்.

வண்டிக் கடன் தவணை முழுவதையும் செலவில் போடுவதும் அடிக்கடி பார்ப்பதுதான். வட்டி செலவு, அசல் செலவில்லை. வண்டியின் விலை தேய்மானமாக வரும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிலையான விகிதத்தில் கழிக்க விதி அனுமதித்து, அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், எரிபொருளையும் தேய்மானத்தையும் திரும்பப் போடக்கூடாது.

கடைசியாக, வரித்துறைத் தளத்தில் பதிவு செய்யும்போது உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் சாலையில் இருப்பார், ஓடிபி கேட்டால் எடுக்கமாட்டார், வேலை தள்ளிப்போகும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நோட்டீஸ் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து, நீங்கள் கவனிக்காமல் விட்டால், கெடு தாண்டியது யார் பொறுப்பு? அவர் வேறு கணக்காளரிடம் போன பிறகும் ஓடிபி உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். எண் அவருடையதாகவே இருக்கட்டும். சில நாடுகளில் வரி முகவருக்கென்று தனி லாகின் அனுமதி உண்டு. இருந்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால், ஓடிபி தேவைப்படும் வேலைகளைச் சேர்த்துவைத்து, அவர் ஓட்டத்தை முடிக்கும் நேரத்தைக் கேட்டு, ஒரே அழைப்பில் முடித்துவிடலாம்.