கடையைச் சில நாள் பூட்டும்போது எழுதும் அறிவிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போய், கடையைச் சில நாள் பூட்ட வேண்டி வந்தால் அதை எப்படி எழுதுவது என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் நடுவே இந்த மாதிரி அறிவிப்பும் வரும். பதற்றத்தில் எழுதுவதால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கருங்கல் பக்கத்தில் ஒரு தையல்கடைக்காரர் போனில் தட்டி அனுப்பியதை எடுத்துக்கொள்வோம்:

“அன்பு வாடிக்கையாளர்களே, என் அம்மாவுக்கு நேற்று இரவு நெஞ்சுவலி. முதலில் நெய்யூர் கொண்டுபோனோம், பிறகு திருவனந்தபுரம். மூன்று அடைப்பு இருப்பதாக டாக்டர் சொல்கிறார். குடும்பத்தோடு எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். நாளை முதல் மறு அறிவிப்பு வரும் வரை கடை மூடப்படும். பிரார்த்தனை செய்யுங்கள்.”

மனிதர் மேல் இரக்கம் வருகிறது. ஆனால் அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு அம்மா இதைப் படித்தால் அவருக்கு வேண்டிய ஒன்றும் இதில் இல்லை. “பிளவுஸ் எப்பம் கிட்டும்?” என்று கேட்க அவர் போன் போடுவார். அவரைப் போல இன்னும் பலர் போடுவார்கள். டாக்டர் கூப்பிடும் நேரத்தில் போன் பிஸியாக இருக்கும். அம்மாவின் நோயைப் பற்றி நாலு வரி இருக்கிறது; துணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரிய தவறு இதுதான்.

காரணத்துக்கு ஒரு வரி போதும்: “வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை.” அதற்காக “தவிர்க்க முடியாத காரணத்தால்” என்று மொட்டையாக விட்டுவிடவும் கூடாது. காரணம் தெரியாவிட்டால் ஊர் தானாகவே ஒன்றைக் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் சாவு, இல்லாவிட்டால் கடன். ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார், இன்னொருவர் அட்வான்சைத் திருப்பிக் கேட்டு நிற்பார். மறுபுறம், நோயின் பெயர், ஆஸ்பத்திரி, எத்தனை அடைப்பு என்பதெல்லாம் அம்மாவுக்குச் சொந்தமான விவரங்கள். அவரிடமே இன்னும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு நேராக அவரிடமே விசாரிப்பார். “குடும்பத்தோடு எல்லோரும் இங்கேதான்” என்பது அதைவிட மோசம். வீட்டிலும் கடையிலும் ஆளில்லை என்று முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற வரி அது. ஆஸ்பத்திரி விவரம் வெளியே போனால், அதை வைத்து உங்கள் பெயரில் பண உதவி கேட்டுச் செய்தி அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

“மறு அறிவிப்பு வரும் வரை” என்பது அரசாங்க உத்தரவின் மொழி. நம்ம ஊர்க் கடையில் அதைப் படிக்கிறவர் “கடையைக் காலி பண்ணிட்டாராக்கும்” என்றுதான் எடுத்துக்கொள்வார். இதற்குப் பயந்து “வெள்ளிக்கிழமை கண்டிப்பாகத் திறக்கும்” என்று எழுதுவது அடுத்த தவறு. ஆஸ்பத்திரியில் இருந்து எப்போது விடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனவர் அடுத்த தேதியை நம்ப மாட்டார். உங்களால் நிச்சயம் செய்ய முடிவது ஒன்றுதான்: அடுத்த தகவலை எப்போது தருவேன் என்று சொல்வது. “ஞாயிறு இரவு சொல்கிறேன்” என்று எழுதுங்கள். ஞாயிறு வந்ததும், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும், “இன்னும் முடிவாகவில்லை, புதன் இரவு சொல்கிறேன்” என்றாவது போடுங்கள். “நாளை முதல்” என்பதையும் எடுத்துவிட வேண்டும். குழுவுக்குக் குழு ஓடுகிற செய்தியை மூன்றாம் நாள் படிக்கிறவருக்கு அது எந்த நாளை? தேதியும் கிழமையும் சேர்த்தே எழுதுங்கள்.

வாசகம் எழுதுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கடைக்குள் செலவழிக்க முடிந்தால் நல்லது. தையல்கடையில் துணிகள் மூன்று வகையாகப் பிரியும். தைத்து முடித்தவை, வெட்டியவை, கைவைக்காதவை. முடித்தவற்றை ரசீதோடு சேர்த்துக் கட்டி, பக்கத்துக் கடைக்காரர் சம்மதித்தால் அவரிடம் கொடுக்கலாம். ஊக்கு, ஹெம்மிங் மட்டும் பாக்கி என்றால் உதவிக்கு இருக்கிற அக்கா வீட்டில் வைத்தே முடித்துவிடுவார். கைவைக்காத துணியை, அவசரம் இருப்பவரிடம் திருப்பிக் கொடுப்பதே மரியாதை. வெட்டிய துணிதான் சிக்கல், ஏனென்றால் ஒருவர் வெட்டியதை இன்னொரு தையல்காரர் தொட யோசிப்பார். இந்த வகையில் இருப்பவர்களுக்குப் பொது அறிவிப்பு போதாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நம் தையல்கடைக்காரருக்கு அப்படி இரண்டு பேர்தான் இருந்தார்கள். மீதி எல்லோருக்கும் இது போனது:

“வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாததால் நவம்பர் 11 செவ்வாய் முதல் கடை திறக்காது. தைத்து முடித்த துணிகளைப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ரசீதைக் காட்டி மாலை 4 முதல் 7 வரை வாங்கிக்கொள்ளலாம். மற்ற துணிகள் பத்திரமாக இருக்கின்றன. கொடுத்த அட்வான்ஸ் கணக்கில் இருக்கிறது. அவசரமானால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், இரவில் பதில் தருகிறேன். திறக்கும் நாள் பற்றி நவம்பர் 16 ஞாயிறு இரவு சொல்கிறேன்.”

இதில் பிரார்த்தனைக்கு ஒரு வரி வேண்டும் என்றார். சேர்த்துக்கொள்ளலாம், கடைசியில்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மூலையில் முதலாளியின் பாஸ்போர்ட் போட்டோ, கீழே கூப்பிய கை. இப்படி டிசைன் செய்து கேட்கிறார்கள். நம் சந்திப்புகளில் நிற்கிற கண்ணீர் அஞ்சலி பேனர் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பைக்கில் போகிறவர் எழுத்தைப் படிக்க மாட்டார், படத்தை மட்டும் பார்த்துவிட்டு முதலாளியே போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார். வெள்ளைத் தாளில் கடையின் பெயரும் கறுப்பு எழுத்தும் போதும், போட்டோ வேண்டாம். ஷட்டரில் ஒட்டுவதைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, திறந்த வாய் கீழே வருமாறு ஒட்டுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது ஐப்பசி மழையில் ஒரு ராத்திரியிலேயே கரைந்து ஓடிவிடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், தினமும் மறுபடி போட வேண்டும். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ரசீதில் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுகிற பழைய வாடிக்கையாளர் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஷட்டர் தாள்தான்.

கூகுள் மேப்பில் கடை இருந்தால் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று மாற்றலாம். அவசரத்தில் ‘நிரந்தரமாக’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். திறந்த அன்று அதைப் பழையபடி மாற்றுவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஷட்டரைத் தூக்கி வியாபாரம் நடந்துகொண்டிருக்கும், மேப்போ மூடியதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அம்மா வீடு வந்து சேர்ந்த பிறகு இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் விட்டுவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.