டிஎன்ஏ முறிவுகளை எண்ணிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கதிர்வீச்சு உயிரியலைப் புதிதாகப் படிப்பவர்கள் அலகுகளைக் குழப்புவதும் பூஜ்யத்தை விட்டுவிடுவதும் சகஜம். அதெல்லாம் தானே சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

நேரடித் தாக்குதல் வேறு சேதம், ஃப்ரீ ராடிக்கல் வேறு சேதம் என்று பிரிப்பது

பிரிய வேண்டியது வழி மட்டும்தான். கதிரின் ஆற்றல் டிஎன்ஏவிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் அது நேரடி அயனியாக்கம். பக்கத்தில் இருக்கும் நீர் மூலக்கூறைத் தாக்கி, அதிலிருந்து பிறக்கும், எதனோடும் உடனே வினைபுரியும் ஹைட்ராக்சில் ராடிக்கல் டிஎன்ஏவைக் கடித்தால் அது மறைமுக வழி. எக்ஸ் கதிரிலும் காமா கதிரிலும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைமுக வழியில் வருகிறது. ஆல்ஃபா துகளில் நேரடித் தாக்குதலின் கை ஓங்கும். அறுந்த இழையைப் பார்த்து அது எந்த வழியில் அறுந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

செல்லுக்குள் அந்த ராடிக்கல் சில நானோமீட்டர் தூரம்தான் போகும்; டிஎன்ஏவின் அகலமே 2 நானோமீட்டர். ஆகவே டிஎன்ஏவை ஒட்டிப் பிறந்த ராடிக்கல்தான் அதைக் கெடுக்கிறது. செல்லின் இன்னொரு மூலையில் பிறந்தது வழியிலேயே வேறெதனுடனாவது வினைபுரிந்து முடிந்துவிடும்.

கதிர் பட்டபின் ஆன்டிஆக்ஸிடன்ட் விழுங்குவது

அது அடக்க வேண்டிய ராடிக்கலின் ஆயுள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். மாத்திரை வாய்க்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். வாதம் இப்படிப் போகும்: கதிரே படாத செல்லிலும் சாதாரண வளர்சிதை மாற்றத்தால் ஒரு நாளைக்குப் பத்தாயிரக்கணக்கான டிஎன்ஏ சேதங்கள் நேர்கின்றன. கதிர் அளவின் அலகான கிரேயில் 1 கிரே காமா கதிர் ஒரு செல்லுக்குத் தருவதோ சுமார் 1,000 ஒற்றை இழை முறிவு, 40 இரட்டை இழை முறிவு, கூடவே டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களில் சில ஆயிரம் சேதங்கள். அப்படியானால் 1 கிரே ஒரு பொருட்டே இல்லையே!

எண்கள் சரி, முடிவு தவறு. அன்றாடச் சேதங்கள் தனித்தனியாகச் சிதறி விழுகின்றன. ஓர் இழை கெட்டால் எதிர் இழையில் சரியான எழுத்து அப்படியே இருக்கும். கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, அதைப் பார்த்து நிரப்பினால் தீர்ந்தது. கதிரோ தன் பாதையின் முடிவில் சில நானோமீட்டருக்குள் பல அயனியாக்கங்களைக் கொத்தாகக் கொட்டுகிறது. பத்திருபது கார இணைகளுக்குள் இரு இழைகளும் அறுந்துபோனால், பார்த்து எழுத மூலப்படியே அங்கு இல்லை. அந்த 1,000-ஐ விட இந்த 40 ஆபத்தாக இருப்பது இதனால்தான்.

இந்த 40 என்ன ஆகும்? செல் தன் டிஎன்ஏவை ஏற்கெனவே நகலெடுத்திருந்தால், சகோதர நகலைப் பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்யலாம். BRCA2 புரதத்துக்கு வேலை அங்கேதான். நகலெடுக்காத செல்லில் Ku புரதம் அறுந்த முனைகளைப் பற்றும், முனைகள் சற்றுச் சீவப்படும், லிகேஸ் IV ஒட்டும். சில எழுத்துகள் போகலாம், பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் இந்த வழிமுறை இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று சொந்தமானவையா என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு முறிவு இருந்தால் முனைகள் மாறி ஒட்டிக்கொள்ளும்.

1986 செர்னோபில் விபத்துக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுநோய்களில் இது தெளிவாகத் தெரிந்தது. 10-ஆம் குரோமோசோமில் இரண்டு இடங்களில் முறிவு. நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. அதனால் தைராய்டு செல்லில் அடங்கிக் கிடக்க வேண்டிய RET மரபணு, அங்கே எப்போதும் இயங்கும் இன்னொரு மரபணுவின் தலைப்பகுதியோடு இணைந்து, 'வளர்' என்ற கட்டளையை ஓயாமல் தரத் தொடங்கியது. ஓர் எழுத்துகூடத் தொலையத் தேவையில்லை, வரிசை மாறினாலே போதும்.

முறிவு மூடிவிட்டால் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டுவது

முறிவு இருக்கும் இடத்தைக் காட்டும் காமா-H2AX புள்ளிகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். முனைகள் ஒட்டிக்கொண்டன என்பதற்குத்தான் அது அடையாளம். சரியான முனையோடு ஒட்டியதா என்று அது சொல்லாது. அதற்குக் குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும். 1 கிரே காமா ஒரே தடவையில் பட்டால், இரத்தத்தின் வெள்ளணுக்களான லிம்ஃபோசைட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்து செல்களில், செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் பிடியான சென்ட்ரோமியர் ஒன்றுக்குப் பதில் இரண்டு கொண்ட குரோமோசோம் தெரியும்.

அதைப் பார்த்ததும் புற்றுநோய்க்கு வித்து அதுதான் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குரோமோசோம் செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டுச் சிக்கும். அந்தச் செல் பெரும்பாலும் இறந்துபோகும். கவலைப்பட வேண்டியது, RET போலத் திரும்பி ஒட்டியும் சிரமமின்றிப் பிரிந்துகொண்டே போகும் செல்.

செத்த செல்லைப் புற்றுநோய் ஆபத்தில் சேர்ப்பது

செத்த செல் புற்றாகாது.